பூச்சோங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை: வழியில் தெரியும் நகரத்தைப் படிக்க நான்கு நூல்கள்

பூச்சோங் – ஐஓஐ பூச்சோங் ஜெயா எல்ஆர்டி நிலையத்தில் ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். 2016ஆம் ஆண்டில் இந்தத் தடம் பூச்சோங்கிற்கு வந்தபின், தினமும் உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கிறோம். தாமான் வீடுகள், கடைவீடு வரிசைகள், குளங்கள், எல்டிபி நெடுஞ்சாலை எல்லாம் கீழே ஓடுகின்றன. அவை ஏன் அங்கே, அப்படி இருக்கின்றன என்று யோசிக்கும் பயணிக்குக் கட்டடக்கலைப் பட்டம் தேவையில்லை. நான்கு நூல்கள் போதும். நான்கும் ஆங்கிலத்தில் உள்ளவை.

முதல் நூல்: மனத்தில் உள்ள வரைபடம்

தொடங்க வேண்டியது கெவின் லின்ச் எழுதிய 'தி இமேஜ் ஆஃப் தி சிட்டி'. 1960இல் வெளிவந்த இந்நூல் இருநூறு பக்கங்களுக்கும் குறைவானது, படங்களும் நிறைய. போஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களிடம் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரைந்து காட்டும்படியும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியைச் சொல்லும்படியும் ஆய்வுக் குழுவினர் கேட்டார்கள். அந்தப் பதில்களில் ஐந்து பொருள்கள் திரும்பத் திரும்ப வந்தன: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம்.

இதைப் பூச்சோங்கில் சோதிக்க ஒரு வெள்ளைத் தாளும் பத்து நிமிடமும் போதும். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்வதுபோல், கைப்பேசியைப் பார்க்காமல் வரைய வேண்டும். கார் ஓட்டுபவரின் தாளில் எல்டிபி நடுவில் ஓடும் தடித்த கோடாக இருக்கும். அவருக்கு அது பாதை. அதே வட்டாரத்தில் நடந்தே கடைக்குப் போகும் பாட்டியின் தாளில் எல்டிபி ஒரு சுவராக நிற்கும். மேம்பாலம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் அந்தச் சுவருக்கு வாசல். ஒருவருக்குப் பாதையாக இருப்பது இன்னொருவருக்கு விளிம்பாகலாம் என்பதை லின்ச் தம் நூலிலேயே காட்டுகிறார். கண்ணுக்கு எதிரே தெரியும் கடைக்குப் போக ஏன் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

இந்நூலின் குறையும் தெரிந்திருக்க வேண்டும். போஸ்டனில் ஏறக்குறைய முப்பது பேரையும், மற்ற இரு நகரங்களில் பதினைந்து பேர் அளவிலும்தான் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்து அலுவலர்கள். அதனால் ஒரே தாளோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள பள்ளி மாணவர், பெரியவர், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் என மூன்று பேரையாவது வரையச் சொல்லி ஒப்பிடுவது நல்லது. தாள்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் ஊரின் சிக்கல் இருக்கிறது.

இரண்டாம் நூல்: தெரு ஏன் உயிரோடு இருக்கிறது?

கேஎல் சென்ட்ரலில் இறங்கி, 2014இல் திறந்த என்யு சென்ட்ரல் பேரங்காடி வழியாக வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். குளிரூட்டிய நடைகூடத்திலிருந்து பூக்கடை வாசத்திற்குள் நுழையும் அந்தச் சில நிமிட நடைக்கு உரிய நூல் 'தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டிஸ்'. 1961இல் இதை எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் கட்டடக் கலைஞர் அல்ல, பத்திரிகையாளர்.

ஒரு தெரு உயிரோடு இருக்க நான்கு நிலைகள் வேண்டும் என்கிறார் அவர். வெவ்வேறு வேலைக்காக வெவ்வேறு நேரத்தில் ஆட்கள் வர வேண்டும். அடிக்கடி திரும்பிச் செல்லச் சந்துகள் இருக்க வேண்டும். பழைய கட்டடமும் புதியதும் கலந்திருக்க வேண்டும். போதுமான மக்கள் அங்கே குடியிருக்க வேண்டும்.

இவற்றில் நமக்கு அதிகம் பயன்படுவது பழைய கட்டடம் பற்றிய வாதம். அவர் சொல்வது பாரம்பரியக் கட்டடத்தை அல்ல. சாதாரண, கொஞ்சம் தேய்ந்த கட்டடத்தை. புதுக் கட்டடம் கட்டிய செலவை வாடகையில் எடுத்தாக வேண்டும். அந்த வாடகையை வங்கியும் பெரிய சங்கிலிக் கடைகளும் கொடுக்கும். பூ கட்டுபவரும் தையல்காரரும் கொடுக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடை அஞ்சடியில் மேசை போட்டு நிற்கிறது, எது பேரங்காடிக்குள் இருக்கிறது என்று கவனித்தால் இந்தக் கணக்கு புரியும்.

இதற்கும் எளிய சோதனை உண்டு. ஒரே தெருவைக் காலை எட்டு, மாலை மூன்று, இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும். பள்ளி, கோயில், சாப்பாட்டுக் கடை, அலுவலகம், வீடு எல்லாம் கலந்த தெருவில் மூன்று வேளையும் ஆள் இருக்கும். பூச்சோங்கின் சில கடைவீடு வரிசைகளில், மேல்மாடி அலுவலகங்கள் மூடியதும் அஞ்சடி வெறிச்சோடிவிடும். ஆனால் ஜேக்கப்ஸ் பார்த்தது நடந்து செல்லும் நியூயார்க். வெயிலும் மழையும் காரும் நம் ஊரின் கணக்கை மாற்றும் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்றாம் நூல்: பிரிக்பீல்ட்ஸின் கதை

கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் முன்பு இரயில்வே பணிமனைப் பகுதி. 2001இல் அந்த நிலையமும் 2003இல் மோனோரயிலும் வந்தபோது அங்கே குடியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? மானிடவியலாளர் ரிச்சர்ட் பாக்ஸ்ட்ரோம் அந்த ஆண்டுகளில் பிரிக்பீல்ட்ஸில் தங்கி ஆய்வு செய்து, 2008இல் 'ஹவுசஸ் இன் மோஷன்' என்ற நூலை வெளியிட்டார். தன் தெரு எப்போது மாறும், யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்பதே அதன் மையம். கோட்பாட்டு நடை கடினமானது. தெருக்களையும் மக்களையும் பற்றிய பகுதிகளை முதலில் படித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்பினால் எளிதாக இருக்கும்.

நான்காம் நூல்: கண்ணுக்குத் தெரியாத தோட்டம்

முதல் மூன்று நூல்களும் இருப்பதைப் படிக்கக் கற்றுத் தருகின்றன. பூச்சோங்கிலோ இல்லாமற்போனதையும் படிக்க வேண்டும். இன்றைய தாமான்கள் பலவற்றின் அடியில் ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும் கிடக்கின்றன. காசல்பீல்டு, கின்ராரா ஆகிய பெயர்களை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் சுமக்கின்றன. அவை தோட்டங்களின் பெயர்கள். ஆற்றோடு சேராத குளம் பெரும்பாலும் பழைய ஈயக்குட்டை. புது வீடுகளுக்கு நடுவே, சாலையின் போக்குக்குப் பொருந்தாமல் நிற்கும் சிறு கோயில், லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூடும்.

இந்த இடத்தில் உதவுவது ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் வெளியிட்ட 'தமிழ்ஸ் அண்ட் தி ஹான்டிங் ஆஃப் ஜஸ்டிஸ்'. தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது தமிழ்க் குடும்பங்கள் வீட்டையும் கோயிலையும் இழப்பீட்டையும் பற்றி நடத்திய போராட்டங்களை அது பதிவு செய்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதில் வரைபடம் கிடையாது. அது பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஆகவே லின்ச்சின் வெள்ளைத் தாளை மீண்டும் எடுக்கலாம். இம்முறை தோட்டத்தில் பிறந்த பெரியவரிடம் கொடுத்து, லயம், பால் கொட்டாய், கிராணி வீடு, கோயில், ஆற்றங்கரை எங்கே இருந்தன என்று வரையச் சொல்லலாம். அதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, மாறாத ஒரு புள்ளியை, பள்ளியையோ ஆற்று வளைவையோ கொண்டு பொருத்தலாம். தாளில் பெயரும் தேதியும் எழுதி வைப்பது அவசியம்.

நூல்களைத் தேட, டத்தாரான் மெர்டேக்கா அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகத்திலும் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்திலும் முதலில் விசாரிக்கலாம். கோலாலம்பூர் நூலகம் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். எப்படியும் அங்கே இறங்கித்தான் இரயில் மாற வேண்டும்.