காய்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு: நாடு கடத்தப்பட்டவர்களுக்கு அது சொன்னது என்ன?



கிறிஸ்தவ சகோதரர்களின் தமிழ் வேதாகமத்தில் எசேக்கியேல் என்றொரு தீர்க்கதரிசன நூல் இருக்கிறது. எமது தப்ஸீர் நூல்களில் ஹிஸ்கீல் என்று வருபவரும் இவரே. அந்த நூலின் 37ஆம் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. பள்ளத்தாக்கு ஒன்று முழுவதும் மனித எலும்புகள் காய்ந்து கிடக்கின்றன. இறைவன் சொன்னபடி நபி அவற்றைப் பார்த்துப் பேசுகிறார். எலும்புகள் சேர்ந்து, சதை மூடி, உயிர் பெற்று, பெரியதொரு படையாக எழுந்து நிற்கின்றன.

இதைக் கேட்டதும் மறுமையில் இறந்தோர் எழுப்பப்படுவதுதான் எமக்கு ஞாபகம் வரும். ஆனால் அதை முதன்முதலில் கேட்டவர்களுக்கு அது வேறொரு கேள்விக்கான பதிலாக இருந்தது. அந்தக் கேள்வியை அறிய அவர்கள் எங்கே, எந்த நிலையில் இருந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கி.மு. 597 இல் பாபிலோனிய மன்னன் நெபுகத்நேசர் ஜெருசலேமைப் பிடித்தான். எமது நூல்களில் புக்து நஸர் என்று வருபவன் இவன்தான். இளம் மன்னன் யோயாக்கீனையும், பிரபுக்களையும், போர்வீரர்களையும், கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டு சென்றான். அந்தக் கூட்டத்தில் ஹிஸ்கீலும் இருந்தார். அவர் மதகுருக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கேபார் என்ற கால்வாய்க் கரையில், தெல் ஆபீப் என்ற இடத்தில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். அந்தப் பெயர் பாபிலோனிய மொழியில் வெள்ளத்தால் அழிந்த மேடு என்று பொருள்படும். அதாவது யாருமே இல்லாமல் பாழடைந்து கிடந்த நிலத்தைத் திருத்திப் பயிர் செய்ய இந்த மக்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

ஜெருசலேமில் நெபுகத்நேசர் சிதேக்கியா என்பவனை மன்னனாக நியமித்தான். அவனிடம் இறைவன் பெயரால் விசுவாசச் சத்தியமும் வாங்கிக்கொண்டான். சில வருடங்களில் சிதேக்கியா சத்தியத்தை மீறிக் கிளர்ச்சி செய்தான். கி.மு. 586 அளவில் நகரம் மறுபடியும் வீழ்ந்தது, ஆலயம் எரிக்கப்பட்டது. எப்படியும் ஒருநாள் திரும்பிப் போவோம் என்றிருந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லாமல் போனது.

அதன்பின் அவர்கள் தங்களைப் பற்றியே ஒரு பேச்சைப் பேசத் தொடங்கினார்கள். எங்கள் எலும்புகள் உலர்ந்துவிட்டன, நம்பிக்கை போய்விட்டது, நாங்கள் துண்டிக்கப்பட்டுவிட்டோம் என்பதே அந்தப் பேச்சின் சாரம். இது அதே அத்தியாயத்தின் 11ஆவது வசனத்தில் வருகிறது. பள்ளத்தாக்கில் கிடந்த எலும்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. எலும்பு உலர்ந்தது என்பது மனமுடைந்து போனவர்கள் அந்த மொழியில் சொல்லும் சாதாரண வழக்கு. மக்கள் பேச்சுக்குச் சொன்ன அதே வார்த்தையை நபியின் கண்முன்னே நிஜமாகவே விரித்துக் காட்டியதுதான் அந்தக் காட்சி.

சரி, எலும்புகள் ஏன் கப்றில் இல்லாமல் வெட்டவெளியில் கிடந்தன? இதை விளங்க அக்காலத்து அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேரரசர்கள் தமக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் சத்திய ஒப்பந்தம் வாங்குவார்கள். மீறினால் என்ன நடக்கும் என்று அதில் நீண்ட சாபப் பட்டியல் இருக்கும். அசிரிய மன்னன் எசர்ஹத்தோன் கி.மு. 672 இல் வாங்கிய ஒப்பந்தம் களிமண் பலகைகளில் இன்றும் கிடைக்கிறது. சத்தியத்தை முறித்தவனின் உடல் அடக்கப்படாமல், நாய்களும் பன்றிகளும் தின்னக் கிடக்கட்டும் என்பது அதிலுள்ள சாபங்களில் ஒன்று. தவ்ராத்தின் உபாகமத்திலும் உடன்படிக்கையை மீறியவர்களின் உடல்கள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இரையாகும் என்ற எச்சரிக்கை வருகிறது.

ஆகவே அடக்கம் செய்யப்படாத எலும்புகள் என்றதும் அந்த மக்களுக்கு ஒரு விடயம் உடனே விளங்கியிருக்கும். இவை தோற்றுப்போன படையின் எலும்புகள் மட்டுமல்ல, சத்தியம் மீறியதற்கான தண்டனையைப் பெற்றவர்களின் எலும்புகள். சிதேக்கியா சத்தியத்தை மீறியதை ஹிஸ்கீலே தமது நூலின் 17ஆம் அத்தியாயத்தில் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். மக்கள் மனதில் இருந்தது வெறும் சோகம் மாத்திரமல்ல. சாபம் பலித்துவிட்டது, எங்கள் கணக்கு முடிந்துவிட்டது என்ற முடிவு அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களது சட்டப்படி மதகுருக்கள் மிக நெருங்கிய உறவினரின் மையித்தைத் தவிர வேறு எந்த மையித்தாலும் தங்களை அசுத்தப்படுத்திக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்டவரை இறைவன் அந்த எலும்புகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிறான். இவை உயிர் பெறுமா என்று கேட்கப்பட்டபோது, அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நீயே அறிந்தவன் என்ற கருத்தில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஒரு சத்தம். எலும்பு தன் எலும்போடு சேர்கிறது, நரம்பும் சதையும் ஏறுகின்றன, தோல் மூடுகிறது. ஆனாலும் உயிர் இல்லை. இரண்டாவது கட்டத்தில்தான் நான்கு திசைக் காற்றிலிருந்தும் சுவாசம் அழைக்கப்படுகிறது. இங்கே வரும் ஹீப்ரு சொல் ரூவஹ். காற்று, சுவாசம், ஆவி மூன்றுக்கும் அந்த மொழியில் இந்த ஒரே சொல்தான். அரபு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரூஹ் என்பதும் காற்றைக் குறிக்கும் ரீஹ் என்பதும் அதே வேரிலிருந்து வந்தவைதான். மொழிபெயர்ப்பில் மூன்று வெவ்வேறு சொற்களாகப் பிரிந்துவிடுவதால், மூலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலிப்பது எமக்குத் தெரியாமல் போகிறது.

ஒரே தடவையில் எழுப்பாமல் ஏன் இரண்டு கட்டம்? மனிதனை மண்ணால் உருவாக்கிப் பிறகு ரூஹ் ஊதப்பட்ட முதல் படைப்பின் வரிசை இது என்பது ஒரு விடை. நாடு கடத்தப்பட்டவர்களின் நிலையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு விடையும் எமக்குத் தெரிகிறது.

அவர்கள் பட்டினியால் சாகவில்லை. பாபிலோன் அரண்மனையில் கிடைத்த பலகைகளில் யூதா மன்னன் யோயாக்கீனுக்கும் அவனது ஐந்து ஆண்மக்களுக்கும் எண்ணெய்ப் பங்கு வழங்கிய கணக்கு இருக்கிறது. சாதாரண மக்களைப் பற்றியும் சான்று உண்டு. ஆல் யாஹூது, அதாவது யூதா ஊர் என்ற பெயரில் பாபிலோனியாவில் ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கும் அயல் ஊர்களிலும் எழுதப்பட்ட களிமண் பத்திரங்கள் 2014 இல் நூலாக வெளிவந்தன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572 ஐச் சேர்ந்தது. அதாவது ஹிஸ்கீல் நபியின் காலம். வாற்கோதுமைக் கடன், பேரீச்சை அறுவடை, மாடு விற்பனை, அரச நிலத்துக்கான வரி, குத்தகை எல்லாம் அவற்றில் வருகின்றன. பிற்காலப் பத்திரங்களில் அஹீகம் என்றொருவர் வருகிறார். அவர் இறந்தபின் ஐந்து ஆண்மக்கள் சொத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரமும் இருக்கிறது.

எனவே அவர்களிடம் வீடு இருந்தது, நிலம் இருந்தது, பிள்ளை குட்டிகள் இருந்தார்கள், ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். சதையும் தோலும் மூடிய உடல் ஏற்கனவே இருந்தது. ஒரு சமூகமாக அவர்களிடம் இல்லாமல் போனது ரூஹ். பிழைத்திருப்பதும் உயிரோடிருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டு கட்டங்களும் அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

காட்சிக்கான விளக்கமும் அங்கேயே தரப்படுகிறது. இந்த எலும்புகள் இஸ்ராயீல் குடும்பம் முழுவதும் என்று இறைவன் சொல்கிறான். அவர்களைக் கப்றுகளிலிருந்து வெளியேற்றி அவர்களது நாட்டுக்குக் கொண்டு வருவதாக வாக்களிக்கிறான். அதாவது இங்கே கப்று என்பது அந்நிய தேசம், எழுப்பப்படுதல் என்பது ஊர் திரும்புதல்.

அது நடந்ததா? கி.மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேஷ் பாபிலோனைக் கைப்பற்றினான். விரும்பியவர்கள் திரும்பிச் செல்ல அனுமதி கிடைத்தது. கி.மு. 515 இல் ஆலயம் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் எல்லோரும் போகவில்லை. அந்தப் பத்திரங்கள் கி.மு. 477 வரை தொடர்வதே அதற்கு அத்தாட்சி. அங்கேயே தங்கியவர்களின் சமூகம் ஈராக்கில் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. ஹில்லாவுக்குத் தெற்கே அல்-கிப்ல் என்ற ஊரில் ஹிஸ்கீல் நபியுடையது என்று சொல்லப்படும் கப்றை யூதர்களும் முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகளாக ஸியாரத் செய்து வந்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில்தான் இந்தக் காட்சி மறுமைக்கான சான்றாகப் பரவலாக வாசிக்கப்பட்டது. யூத அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. இது உவமை என்றார்கள் சிலர், உண்மையாகவே இறந்தவர்கள் எழுந்தார்கள் என்றார்கள் வேறு சிலர். தல்மூத் இரண்டு கருத்தையும் பதிந்து வைத்திருக்கிறது. எமது பக்கத்தில், மரணத்துக்குப் பயந்து ஊரை விட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோரை அல்லாஹ் மரணிக்கச் செய்து பின் உயிர்ப்பித்ததாக அல்பகறா 243ஆவது ஆயத்தில் வருகிறது. அதற்கு விளக்கமாகத் தபரி போன்றோர் ஹிஸ்கீல் நபியின் சம்பவத்தை எடுத்துக்கூறுகிறார்கள். குர்ஆன் அங்கே நபியின் பெயரைக் குறிப்பிடவில்லை. தப்ஸீர் அறிவிப்புகளின்படி அவர்கள் கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடியவர்கள். எசேக்கியேல் நூலில் இருப்பதோ நாடு கடத்தப்பட்ட ஒரு சமூகம். இரண்டையும் குழப்பாமல் வாசிப்பது நல்லது.

இன்று இந்த அத்தியாயத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு, அதனாலேயே அதைத் திறந்து பார்க்க விரும்பாதவர்களும் உண்டு. இஸ்ரேலின் தேசிய கீதமே 11ஆவது வசனத்தின் நம்பிக்கையிழந்த பேச்சை மறுத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நூல் 37ஆம் அத்தியாயத்தோடு முடிவதில்லை. நாங்கள் இப்ராஹீமின் சந்ததி, ஆகவே நாடு எங்களுக்கே என்று பேசியவர்களை 33ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. இரத்தம் சிந்தும் நீங்கள் நாட்டைச் சொந்தமாக்கலாமா என்று அது கேட்கிறது. 47ஆம் அத்தியாயத்தில், திரும்பி வந்து நிலத்தைப் பங்கிடும்போது அவர்கள் மத்தியில் குடியிருந்து பிள்ளைகள் பெற்ற அந்நியருக்கும், சொந்த ஊரவருக்குப் போலவே பங்கு கொடுக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது.

நிலமிழந்து எலும்பாய்க் கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதியின் மறுபாதி இது. ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், அந்த நபி சொன்னதை நாம் முழுமையாகக் கேட்டவர்கள் ஆகமாட்டோம்.