உள்ளடக்க விநியோக வலையமைப்பு: தொலைவும் வீடியோவின் தாமதமும்

மூலச் சர்வரில் உள்ள கோப்புகளின் நகல்களைப் பார்வையாளர்களுக்குப் பக்கத்தில் உள்ள சர்வர்களில் வைத்து வழங்கும் ஏற்பாடே உள்ளடக்க விநியோக வலையமைப்பு, சுருக்கமாக சி.டி.என். வீடியோ தொடங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் இணைப்பின் வேகத்தைத்தான் முதலில் குறை சொல்வது வழக்கம். ஆனால் தொலைதூரச் சர்வரிலிருந்து வரும் வீடியோவின் தொடக்கத் தாமதத்துக்குப் பெரும்பங்கு காரணம், படம் ஓடும் முன் இரு முனைகளுக்கும் இடையே செய்தி எத்தனை முறை போய்வர வேண்டியிருக்கிறது என்பது. சி.டி.என். அந்தப் பயணத்தின் தூரத்தைக் குறைக்கிறது. பக்கத்துச் சர்வரில் நகல் இன்னும் வந்து சேராத நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் அதன் உண்மையான சிக்கல். புதிய வீடியோ மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும், வெற்றிடத்தில் செல்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பெரிய தரவு மையங்கள் குவிந்திருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 14,000 கி.மீ. நேர்கோட்டிலேயே இழை போட்டாலும் ஒரு செய்தி போய் பதில் வர 140 மில்லி நொடி ஆகும். கடலடி கேபிள்கள் கண்டங்களைச் சுற்றி வளைந்து செல்வதால் நடைமுறையில் இது 200-ஐத் தாண்டிவிடும். கணக்குக்கு 220 என்று வைத்துக்கொள்வோம். கால் நொடிக்கும் குறைவான இந்தக் காத்திருப்பு ஒரே முறையோடு முடிந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. அது பல முறை திரும்பத் திரும்ப வருவதற்கான காரணம் 1986-இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 400 கெஜம் தூரம்தான். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளை அள்ளிக்கொட்டியதும், தொலைந்தவற்றை மீண்டும் மீண்டும் அனுப்பியதும் வலையை அடைத்துவிட்டன. இதற்கு வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு, சர்வர் முதலில் கொஞ்சமாக அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகு இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது. இணையம் இன்றும் நெரிசலில் நிலைகுலையாமல் இருப்பதற்கு அந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம். அதற்கான விலையைத் தூரத்தில் இருப்பவர்தான் அதிகம் கொடுக்கிறார்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடியோக்கள் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டே அனுப்பப்படுகின்றன; முதல் துண்டு 1 எம்.பி. என்போம். இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்று, குறியாக்கத்துக்கு ஒரு சுற்று, எந்தெந்தத் துண்டுகள் உள்ளன என்ற பட்டியலை வாங்க ஒரு சுற்று. அதன்பின் முதல் சுற்றில் 10 பாக்கெட், அதாவது 14 கே.பி.; அடுத்து 28, 56, 112, 224, 448 என்று வளர்ந்து, ஏழாம் சுற்றில்தான் 1 எம்.பி. முழுதாக வந்து சேரும். ஆக மொத்தம் 10 சுற்று, 2.2 நொடி. வேகமான பிளானுக்கு மாறினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். 50 எம்.பி.பி.எஸ். இணைப்பு வைத்திருப்பவருக்குக்கூட இந்த 2.2 நொடியில் எந்தச் சுற்றிலும் குழாய் நிரம்பவே இல்லை. 100 ஆக்கினால் காலியிடம்தான் கூடும். புதிய நெறிமுறைகள் முதல் இரண்டு சுற்றுகளை ஒன்றாக்கியிருக்கின்றன. மற்றவை அப்படியே நிற்கின்றன. அதே துண்டு 10 மில்லி நொடித் தொலைவில் உள்ள சர்வரில் இருந்தால் பத்துச் சுற்றும் 0.1 நொடியில் முடியும். தரவு வரும் நேரத்தையும் சேர்த்தால் கால் நொடிதான்.

பக்கத்தில் நகல் வைக்கலாம் என்ற யோசனை எளிது. எந்த நகலை எந்தக் கணினியில் வைப்பது என்பதில்தான் கஷ்டம். வலையின் நெரிசலுக்கு வழி காணுமாறு 1990-களின் நடுவில் டிம் பெர்னர்ஸ்-லீ எம்.ஐ.டி.யில் விடுத்த அறைகூவலை கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் மாணவர் டேனியல் லெவினும் எடுத்துக்கொண்டார்கள். கோப்பின் பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கணினிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி வரும் கணினியில் வைப்பது பழைய முறை. அதில் நூறு கணினிகளில் ஒன்று பழுதானாலும் வகுக்கும் எண் மாறிவிடும். ஏறக்குறைய எல்லாக் கோப்புகளின் இடமும் மாறி, நகல்கள் இருந்தும் இல்லாதது போலாகி, மொத்தக் கூட்டமும் மூலச் சர்வரின் மேல் விழும். 1997-இல் இவர்கள் சகாக்களோடு வெளியிட்ட முறையில் பழுதான கணினியின் பங்கு மட்டுமே இடம் மாறும். அதன் மேல் எழுந்ததுதான் 1998-இல் தொடங்கிய அகமாய் நிறுவனம். லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றில் இறந்தார்.

இவ்வளவும் நகல் ஏற்கெனவே இருப்பதைப் பொறுத்தது. சற்று முன் ஏற்றிய வீடியோவுக்கு எங்கும் நகல் இல்லை. அப்படியானால் அதற்கு சி.டி.என்.-ஆல் பயனே இல்லை என்று வாதிடலாம். பாதி சரி. முதலில் கேட்பவரின் கோரிக்கை மூலச் சர்வர் வரை போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பக்கத்துச் சர்வர் மூலச் சர்வருடன் எப்போதும் திறந்தே இருக்கும், ஏற்கெனவே அகலப்படுத்தப்பட்ட இணைப்பை வைத்திருக்கிறது. பத்துச் சுற்றுகளும் பார்வையாளருக்கும் பக்கத்துச் சர்வருக்கும் இடையே குறுகிய தூரத்தில் முடிய, நீண்ட பயணம் பட்டியலுக்கு ஒருமுறை, துண்டுக்கு ஒருமுறை என்று இரண்டே தடவைதான். நகல் இல்லாத நிலையிலும் காத்திருப்பு ஒரு நொடிக்குள் அடங்கும். அதே கணத்தில் ஆயிரம் பேர் அதே துண்டைக் கேட்டால், நன்றாக அமைத்த சர்வர் ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் மேலே அனுப்பி, வந்ததை ஆயிரம் பேருக்கும் பகிரும். மூலத்துக்கும் விளிம்புக்கும் நடுவே மண்டலத்துக்கு ஒரு இடைநிலைச் சேமிப்பு வைத்தால், சென்னையில் ஒருவர் பார்த்ததன் பலன் கொழும்பில் அடுத்துப் பார்ப்பவருக்கும் கிடைக்கலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் அறிவித்த ஓப்பன் கனெக்ட் இந்தக் கேள்வியையே தவிர்த்துவிட்டது. எந்தப் படம் என்று வெளியாகும் என்பது அதற்கு முன்பே தெரியும். இணையச் சேவை நிறுவனங்களுக்குள் வைத்த தன் பெட்டிகளை ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் நிரப்பிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வீடியோ ஏற்றும் தளத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே மற்றொரு காரணமும் தூரத்தின் கணக்கில் தவறாக எழுதப்படுகிறது: ஏற்றியவுடன் உயர்தர வடிவங்கள் இன்னும் தயாராகியிருக்காது. அது பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே அளவு மங்கலாகத்தான் தெரியும். தொலைவில் இருப்பவருக்கு மட்டும் தாமதம் என்றால்தான் தூரம் காரணம்.

பிரவுசரின் டெவலப்பர் கருவியில் வீடியோத் துண்டின் பதில் தலைப்புகளைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பல சி.டி.என்.கள் `X-Cache: MISS` என்றோ `X-Cache: HIT` என்றோ எழுதும்; `Age: 340` என்றிருந்தால் அந்த நகல் சேமிப்பில் 340 நொடிகளாக இருக்கிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டும் `MISS` வந்தால் புதுமையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. தளம் ஒவ்வொரு பார்வைக்கும் முகவரியின் வாலில் தனித்தனி அடையாளக் குறியை ஒட்டியிருக்கலாம். குறி மாறும் போதெல்லாம் சேமிப்பு அதை வேறொரு கோப்பாக எண்ணி மறுபடி வர்ஜீனியாவுக்கு ஆளனுப்பும். நகலைத் தேடும்போது அந்த வாலைக் கணக்கில் எடுக்காதபடி சி.டி.என். அமைப்பை மாற்றினால், முதலில் கேட்பவருக்கு அடுத்து வருபவரிலிருந்தே `HIT` வரத் தொடங்கும்.