அலுவலகக் குறிப்பு (அனுமதிக் கோப்பு)

அலுவலகக் குறிப்பு என்பது, அரசு அலுவலகத்தில் ஒரு பொருள் குறித்து முடிவெடுக்கும் அலுவலர் முன் பிரிவு உதவியாளர் எழுதி வைக்கும் பதிவு. என்ன கேட்கப்படுகிறது, ஏன் தேவை, எந்த விதிப்படி, எந்த நிதியிலிருந்து என்பதை அது சொல்லும். கோப்பு மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு அலுவலரும் தம் கருத்தை அதன்கீழ் எழுதிக் கையொப்பமிடுவார். பணம் செலவழிக்க அனுமதி கோரும் கோப்பில் இந்தக் குறிப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒப்புதல் தருபவர் வேறு யாரையும் கேட்காமல் முடிவெடுக்க உதவ வேண்டும். பல ஆண்டுகள் கழித்துத் தணிக்கையாளரோ நீதிமன்றமோ கேட்டால் அந்த முடிவுக்கான காரணத்தைக் காட்டவும் வேண்டும்.

முறையின் தோற்றம்

தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் இன்றும் வழங்கும் கோப்பு முறை, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது. அவர் பெயராலேயே அது டாட்டன்ஹாம் முறை எனப்படுகிறது. பின்னாளில் அவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாகவும் இருந்தார்.

இம்முறையில் வரும் தாள் ஒவ்வொன்றும் எண் பெற்று, உரிய உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். 'ந.க.எண். அ3/1234/2025' என்பதில் அ3 என்பது பிரிவையும் இருக்கையையும், 1234 வரிசை எண்ணையும், 2025 ஆண்டையும் குறிக்கும். அந்தக் கோப்பில் எழுதிய கடிதம், வந்த பதில், அனுப்பிய நினைவூட்டு ஆகியவற்றைத் தன்பதிவேட்டிலேயே நாள்வாரியாகப் பார்க்கலாம். முடிந்த கோப்பின் முடிவு வகை, அதை எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதைச் சொல்லும்: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு.

கோப்புக்கு இரண்டு பகுதிகள். வந்த தாள்களும் சென்ற தாள்களின் படிகளும் நடப்புக் கோப்பில் இருக்கும். அவற்றின்மேல் எழுதப்படும் கருத்துகள் குறிப்புக் கோப்பில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்க எண் உண்டு. குறிப்பில் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் நடப்புக் கோப்பின் ஒரு பக்கத்தைச் சுட்ட வேண்டும் என்ற பழக்கம் இந்தப் பிரிப்பிலிருந்து வந்தது. கோப்பைப் பின்தொடர முடிவதும் இந்தச் சுட்டலால்தான்.

மாவட்டம் பிரிந்த இடங்களில் எண்ணைச் சுட்டுவதில் கூடுதல் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. அதற்கு முந்தைய மாவட்ட அளவிலான ஆணையைக் குறிப்பில் எடுத்துக்காட்டும்போது, அது எந்த அலுவலகத்தின் எண் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வெறும் எண்ணும் ஆண்டும் போதாது. அதே எண் புதிய ஆட்சியர் அலுவலகத்தில் வேறொரு கோப்புக்கும் இருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலத்தில் ஆண்டுக்கு இருமுறை கூட்டம் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் காலம். வடகிழக்குப் பருவமழையில் அருவியில் வெள்ளம் வந்தால், குளிக்கும் இடத்தின் தளமும் கைப்பிடிக் கம்பிகளும் சேதமடையலாம். பக்தர் கூட்டம் குறையும் ஜனவரி பிற்பகுதிக்கும் நிதியாண்டு முடியும் மார்ச் 31க்கும் நடுவில்தான் பழுதுபார்ப்பைச் செய்து, பட்டியலையும் முடிக்க வசதி. அப்படிப்பட்ட பணி ஒன்றைப் பேரூராட்சிப் பொது நிதியில் செய்வதாகக் கொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

வழக்கமாக இப்படி எழுதப்படும்:

"பெண்கள் குளிக்கும் பகுதியில் கம்பிகள் மிகவும் பழுதடைந்துள்ளன. பொதுமக்கள் நலன் கருதி உடனடியாகச் சீரமைக்க வேண்டியது மிக அவசியமாகும். ரூ.4.60 லட்சத்தில் மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. நிதி உள்ளது. தக்க உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் படித்துச் செயல் அலுவலரால் கையொப்பமிட முடியாது. எத்தனை கம்பிகள் பழுது, யார் பார்த்தார்கள், நிதி எந்தத் தலைப்பில் எவ்வளவு, என்ன உத்தரவு வேண்டும் என்று நான்கு கேள்விகள் எழும். ஒவ்வொரு கேள்விக்கும் கோப்பு ஒருமுறை கீழே இறங்கி ஏறும். அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"1. பெண்கள் குளிக்கும் பகுதியில் 22 மீட்டர் நீளத்துக்குக் கைப்பிடிக் கம்பி பெயர்ந்துள்ளது. 40 சதுர மீட்டர் தளம் அரித்துள்ளது. பொறியாளர் 6.1.2025 அன்று தணிக்கை செய்த அறிக்கை, புகைப்படங்கள்: ந.கோ. பக். 1–5.

2. நடப்பாண்டு விலைவிகிதப் பட்டியலின்படி, வரி உட்பட மதிப்பீடு ரூ.4,60,000: ந.கோ. பக். 7–11.

3. பழுதுபார்ப்புத் தலைப்பில் ஒதுக்கீடு ரூ.15,00,000. இதுவரை செலவு ரூ.7,20,000. அனுமதி பெற்று நடந்துவரும் பணிகளுக்கு வழங்க வேண்டியது ரூ.2,90,000. எஞ்சியது ரூ.4,90,000. கணக்குப் பிரிவின் சான்று: ந.கோ. பக். 12.

4. இதே இடத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பழுதுபார்ப்பு அனுமதி இல்லை. பணிப் பதிவேட்டுப் படி: ந.கோ. பக். 13.

5. நிர்வாக அனுமதி கோரி மன்றத்தின் முன் வைக்கலாம். அனுமதி கிடைத்தபின் தொழில்நுட்ப அனுமதிக்கு அனுப்பலாம். மன்றப் பொருள் வரைவும் கடித வரைவும் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டுள்ளன: ந.கோ. பக். 14–16."

இரண்டாவது குறிப்பு நீளமானது; ஆனால் அதை ஒருமுறை படித்தால் போதும். மூன்றாம் பத்தியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டிலிருந்து செலவை மட்டும் கழித்தால் எஞ்சியது ரூ.7,80,000 என்று வரும். அந்தக் கணக்கை நம்பி மூன்று லட்சம் ரூபாய்க்கு இன்னொரு பணிக்கும் அனுமதி கொடுத்துவிடலாம். மார்ச் மாதம் எல்லாப் பட்டியல்களும் ஒன்றாக வரும்போதுதான் ஒதுக்கீடு போதவில்லை என்பது தெரியும். 'நிதி உள்ளது' என்ற இரண்டு சொற்களுக்குப் பதில் இந்த நான்கு தொகைகளை எழுதச் சொல்வது இதற்காகவே.

ஐந்தாம் பத்தி முடிவை முன்மொழிகிறது. வரைவுகளும் உடன் இருப்பதால், 'ஆம்' என்று எழுதிய அதே நாளில் அடுத்த கடிதம் புறப்படும். வரைவு இல்லையென்றால் ஒப்புதலுக்குப் பின் கோப்பு இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும்.

அனுமதிகளின் வரிசையும் காலமும்

நிர்வாக அனுமதி, பணி தேவை என்றும் அதற்கு இவ்வளவு செலவழிக்கலாம் என்றும் சொல்கிறது. தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீட்டின் அளவுகளும் விலைகளும் சரி என்கிறது. இவற்றுக்குப் பின்னரே ஒப்பந்தப்புள்ளி. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை குறித்த தமிழ்நாட்டுச் சட்டம் 1998இல் வந்தது. அதன் விதிகள் 2000இல் வந்தன. அவ்விதிகளின்படி ரூ.2 கோடி வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். இந்த 15 நாளை உதவியாளரால் குறைக்க முடியாது. கோப்பு கேள்விகளோடு திரும்பி வரும் நாள்களைத்தான் அவரால் குறைக்க முடியும். ஜனவரியில் தொடங்கிய கோப்பு இரண்டு சுற்று கூடுதலாக அலைந்தால் மார்ச் கடந்துவிடும். அப்போது புதிய நிதியாண்டின் ஒதுக்கீட்டில் கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். விலைவிகிதப் பட்டியல் மாறியிருந்தால் மதிப்பீட்டையும் திருத்த வேண்டும்.

எந்த அலுவலர் எவ்வளவு தொகை வரை அனுமதிக்கலாம் என்ற வரம்பு அரசாணைகளால் அவ்வப்போது மாறும். ஆகவே 'தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது' என்று மட்டும் எழுதாமல், அரசாணையின் எண்ணையும் நாளையும் எழுதி, உரிய பத்தியின் படியை நடப்புக் கோப்பில் வைக்க வேண்டும். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே பணியை இரண்டு மதிப்பீடுகளாகப் பிரிப்பது தணிக்கைத் தடைக்கு ஆளாகும். மேலே நான்காம் பத்தியில் பழைய பணிகளைச் சொன்னது, அந்த ஐயம் எழாமல் காக்கிறது.

வழக்கமான குறைகள்

'பேசுக' என்று எழுதப்பட்ட கோப்பில் அடிக்கடி ஒரு கண்ணி அறுந்துபோகிறது. அலுவலரும் உதவியாளரும் நேரில் பேசுகிறார்கள், ஐயம் தீர்கிறது, அடுத்த குறிப்பு 'பேசப்பட்டது' என்று மட்டும் சொல்கிறது. என்ன கேட்கப்பட்டது, என்ன விளக்கம் தரப்பட்டது என்பதை இரண்டு வரியில் பதிந்து, அந்த அலுவலரின் கையொப்பத்துக்கே மீண்டும் வைப்பதுதான் முறை.

மற்றொரு குறை, எழுதியதை அழிப்பது. முந்தைய குறிப்பில் தொகை தவறாக இருந்தால் அதன்மேல் எழுதவோ தாளை மாற்றவோ கூடாது. 'குறிப்பு பத்தி 3இல் ரூ.7,80,000 எனக் குறித்தது, வழங்க வேண்டிய தொகையைச் சேர்க்காததால் நேர்ந்தது. சரியான தொகை ரூ.4,90,000' என்று புதிய பத்தியாக எழுத வேண்டும். ஒப்புதல் தந்தவர் எந்தத் தொகையைப் பார்த்துக் கையொப்பமிட்டார் என்பது அப்போதுதான் தெரியும்.

மின் அலுவலக மென்பொருளில் இது இன்னும் தெளிவு. மஞ்சள் குறிப்பு வரைவு நிலையில் இருப்பது. அதைத் திருத்தலாம், நீக்கலாம். பச்சைக் குறிப்பாகி, கோப்பு அனுப்பப்பட்டபின் மாற்ற முடியாது. யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதும் பதிவாகும். ஆனால் 'நிதி உள்ளது' என்று எழுதினால் மென்பொருள் ஏன் என்று கேட்காது. இணைப்பின் பக்கத்தைச் சுட்டுவது எழுதுபவரின் வேலையாகவே இருக்கிறது.

சட்ட நிலை

குறிப்பில் 'ஒப்புதல்' என்று எழுதுவது மட்டும் ஆணையாகாது. பச்சித்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோப்பில் எழுதிய முடிவு உரிய முறையில் ஆணையாக்கப்பட்டு, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னரே செல்லும் என்றது. ஒப்புதல் குறிப்பை மட்டும் நம்பிப் பணியைத் தொடங்கக் கூடாது என்பது இதனால் பெறப்படும்.

ஆணை வெளிவந்தபின் புதுக் காரணம் சேர்க்கவும் வழியில்லை. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் தரப்பட்ட தீர்ப்பு, ஓர் ஆணையை அதில் சொன்ன காரணங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும், பின்னர் பிரமாண வாக்குமூலத்தில் சேர்க்கும் காரணங்களைக் கொண்டு அல்ல என்கிறது. ஆகவே குறிப்பில் உள்ள காரணம் வரைவு ஆணையிலும் இடம்பெற வேண்டும்.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கோப்புக் குறிப்புகளும் தகவலே என்று மத்திய தகவல் ஆணையம் 2006 ஜனவரி 31 அன்று முடிவு கூறியது. சட்டம் விலக்கு அளித்தவை தவிர மற்றக் குறிப்புகளைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம். அருவிக்கரைக் கம்பிக்கு எவ்வளவு செலவானது, யார் அனுமதித்தார், எதைப் பார்த்து அனுமதித்தார் என்று குற்றாலத்துக்கு வரும் எவரும் விண்ணப்பித்துக் கேட்க முடியும். பக்க எண்ணோடு எழுதிய குறிப்பு இருந்தால், அந்த மூன்று கேள்விகளுக்கும் அலுவலகம் கோப்பின் படியையே பதிலாகத் தந்துவிடலாம்.