கடைசி 30 நொடி: எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ரீப்ளே யார் செலவில் ஓடுகிறது?

1963 டிசம்பர் 7. பிலடெல்பியாவில் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடக்கும் வருடாந்திர அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். சிபிஎஸ் தொலைக்காட்சியின் இயக்குநர் டோனி வெர்னா, அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு வீடியோ டேப் இயந்திரத்தை மைதானத்துக்கே கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தில் நடந்ததை அடுத்த சில நொடிகளில் திரும்பக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. டேப்பைப் பின்னால் ஓட்டினால் சரியான இடம் எது என்று தெரியாது. அதனால் ஒலித்தடத்தில் பீப் சத்தங்களைப் பதிந்து, அதைக் காதால் கேட்டு இடத்தைப் பிடித்தார். அன்றைக்குப் பல முறை முயன்றும் படம் நிலைக்கவில்லை. கடைசிக் கால் பகுதியில் ஒரே ஒரு முறை சரியாக வந்தது. இப்போது பார்ப்பது நேரலை இல்லை, தரைப்படை மறுபடியும் புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் ரசிகர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

வெர்னா செய்தது ரீப்ளே. ஆனால் இன்று நம்ம கணினியில் 'இன்ஸ்டன்ட் ரீப்ளே' என்று இருப்பது கொஞ்சம் வேற விஷயம். அதற்கு மூதாதை என்று நான் நினைப்பது 1967இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹெச்எஸ்-100 என்ற இயந்திரம். டேப்புக்குப் பதிலாகச் சுழலும் தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 30 நொடி. 31ஆம் நொடி வரும்போது முதல் நொடி அழிந்துவிடும். யாரும் 'பதிவு செய்' என்று சொல்லத் தேவையில்லை. அது எப்போதும் பதிந்துகொண்டே, எப்போதும் அழித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது நடந்தால் நிறுத்தி, மெதுவாகவும் ஓட்டிக் காட்டலாம்.

வால் தலையைத் துரத்தும் இந்த அமைப்புக்கு வளைய பஃபர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1999இல் வந்த டிவோ பெட்டி இதையே ஹார்ட் டிஸ்க்கில் செய்தது. நீங்கள் பார்க்கும் சேனலின் கடைசி அரை மணி நேரம் எப்போதும் உள்ளே இருக்கும். இந்த இரண்டிலுமே பதிவதுதான் இயந்திரத்தின் முழுநேர வேலை. கணினி விளையாட்டில் நிலைமை அப்படி இல்லை. அங்கே படத்தை உருவாக்கும் இயந்திரமும் பதிவு செய்யும் இயந்திரமும் ஒன்றே. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2013க்கு முன் விளையாட்டைப் பதிவு செய்தவர்களுக்கு ஃப்ராப்ஸ் என்ற மென்பொருள் நினைவிருக்கும். அது படத்தை லேசாக மட்டும் சுருக்கி, அப்படியே டிஸ்க்கில் கொட்டும். 1920×1080 அளவுள்ள ஒரு ஃபிரேம், சுருக்காமல் வைத்தால், நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த பிறகும் 3 எம்பிக்கு மேல் வரும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 187 எம்பி. அன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் இதற்கு மூச்சு வாங்கும். இன்னொரு வழி, சிபியுவை வைத்து ஹெச்.264 ஆகச் சுருக்குவது. அப்போது டிஸ்க் தப்பிக்கும், சிபியு மாட்டிக்கொள்ளும். விளையாட்டுக்கும் அதே சிபியுதான் வேண்டும். ஆக, எப்போதாவது பத்து நிமிடம் பதியலாம். நாள் முழுக்க ஓட விடுவது நடக்காத காரியம்.

மாற்றியது ஒரு சின்ன சில்லுப் பகுதி. 2012இல் என்விடியாவின் கெப்லர் கார்டுகளில் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு வன்பொருள் பகுதி வந்தது. இன்டெல் இதற்கு ஒரு வருடம் முன்பே தன் சிபியுக்களில் அப்படி ஒன்றை வைத்திருந்தது. 2013 அக்டோபர் இறுதியில் என்விடியா ஷேடோபிளே என்ற வசதியைச் சோதனை நிலையில் வெளியிட்டது. விண்டோஸ் 8இல் கடைசி 20 நிமிடம், விண்டோஸ் 7இல் கடைசி 10 நிமிடம் எப்போதும் கையில் இருக்கும். அடுத்த மாதமே பிளேஸ்டேஷன் 4 வந்தது. அதன் கட்டுப்படுத்தியில் 'ஷேர்' என்றே ஒரு பொத்தான், பின்னால் கடைசி 15 நிமிடம். ஹெச்எஸ்-100இன் அதே யோசனை, 46 வருடம் கழித்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

விளம்பரத்தில் "கிட்டத்தட்ட இலவசம்" என்ற தொனிதான் இருந்தது. ஆனால் ஷேடோபிளேவால் வேகம் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம் என்று என்விடியாவே சொல்லியிருந்தது. சுருக்குவதற்குத்தான் தனிப் பகுதி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த இழப்பு? காரணம், அந்தப் பகுதிக்குப் படம் தானாகப் போய்ச் சேராது. முடிந்த ஃபிரேமை நகல் எடுக்க வேண்டும், அதன் நிற அமைப்பை மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் அளவைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் விளையாட்டு ஓடும் அதே கிராபிக்ஸ் சில்லிலும் அதே நினைவகப் பாதையிலும் நடக்கிறது.

இதைச் சதவீதமாகப் பார்ப்பதை விட மில்லிசெகண்டாகப் பார்ப்பது நல்லது. கணக்குக்காக, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1 மில்லிசெகண்ட் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஃபிரேமில் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். அது 17.7 ஆனால் 56 ஃபிரேம் வரும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 240 ஃபிரேமில் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லிசெகண்ட்தான். அது 5.2 ஆனால் 240 என்பது 193 ஆகிவிடும். அதே செலவு, ஆனால் ஒருவர் "ஒண்ணுமே தெரியல" என்பார், இன்னொருவர் "பாழாக்கிடுச்சு" என்பார். ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இனி சேமிப்பிடம். இதற்கு ஒரே ஒரு கணக்குதான்:

```
MB = Mbps ÷ 8 × seconds
50 ÷ 8 × 300 = 1875
```

அதாவது 50 மெகாபிட் தரத்தில் கடைசி 5 நிமிடம் வைத்திருந்தால் பஃபருக்கு 1.9 ஜிபி இடம் போதும். பலர் இந்த எண்ணைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். இடம் என்பது ஒரு கணக்கு, எழுத்து என்பது வேறு கணக்கு. வளையம் சின்னதாக இருந்தாலும் அதில் எழுதுவது நிற்பதே இல்லை. 50 மெகாபிட் என்றால் மணிக்கு 22.5 ஜிபி. தினமும் 4 மணி நேரம் விளையாடினால் 90 ஜிபி, வருடத்துக்கு கிட்டத்தட்ட 33 டிபி. இதில் முக்கால்வாசிக்கு மேல் யாரும் பார்க்காமலே அழிவது.

இது எஸ்எஸ்டிக்குக் கெடுதலா? காலத்தைப் பொறுத்தது. 2014இல் வந்த சாம்சங் 850 ஈவோவின் 250 ஜிபி மாடலுக்கு உத்தரவாதம் 75 டிபி எழுத்து வரைக்கும்தான். மேலே சொன்ன பழக்கத்தில் அது 2 வருடம் 3 மாதத்தில் தீர்ந்துவிடும். உத்தரவாதம் தீர்ந்த அன்றே எஸ்எஸ்டி சாவதில்லை, பெரும்பாலும் அதற்கு மேலும் ஓடும். இன்றைய 1 டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டிபி வரை உத்தரவாதம் உண்டு, அதே கணக்கில் 18 வருடம். ஆக இந்தப் பயம் பழைய சின்ன எஸ்எஸ்டிக்கு நியாயம், புதுசுக்கு மிகை. பழையதுதான் இருக்கிறது என்றால், என்விடியா அமைப்பில் தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தை சும்மா கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். நொடிக்கு 6 எம்பி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விளையாட்டே அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஓபிஎஸ் வேறு பாதையில் போனது. அதன் ரீப்ளே பஃபர் முழுக்க ரேமில் இருக்கிறது. பொத்தானை அழுத்தும் வரை டிஸ்க்கில் ஒரு எழுத்தும் விழாது. ஆனால் அந்த 1.9 ஜிபியை ரேம் தர வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் இதைச் செய்தால், நினைவகம் போதாமல் விண்டோஸ் பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும், விளையாட்டு திடீர் திடீரென்று நின்று போகும். குற்றவாளி ரேம் என்று தெரியாமல் கிராபிக்ஸ் கார்டைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேமில் வைப்பதானால் நீளத்தைக் குறைக்கத்தான் வேண்டும். 20 மெகாபிட்டில் 90 நொடி என்றால் 225 எம்பிதான்.

2024 நவம்பரில் முழுமையாக வந்த ஸ்டீமின் பதிவு வசதி இதற்கு நேர் எதிர்: குறைந்த தரம், நீண்ட நேரம், எல்லாம் டிஸ்க்கில். 12 மெகாபிட்டில் 2 மணி நேரம் வைத்தால் 10.8 ஜிபி. ஓர் ஆட்டம் முழுவதையும் பிறகு புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இது தோதானது. ஒரு நல்ல ஷாட்டை மட்டும் வெட்டி எடுப்பவருக்கு அவ்வளவு நீளம் எதற்கு?

சரி, என் கணினியில் இது எவ்வளவு தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், நீங்கள் போடாமலே ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் Performance போய், GPU பக்கத்தில் `Video Encode` வரைபடத்தைப் பாருங்கள். நீங்கள் எதையும் பதியவில்லை என்று நினைக்கும்போது அது பூஜ்யத்துக்கு மேல் அசைந்தால் யாரோ பதிந்துகொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் Settings, Gaming, Captures என்று போனால் `Record what happened` என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதுவும் என்விடியாவும் சேர்ந்து ஓடினால் ஒரே ஃபிரேம் இரண்டு முறை நகலெடுக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தாலே பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

பிறகும் திக்கினால், சராசரி ஃபிரேம் எண்ணை நம்பாதீர்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் மாதிரி ஒரு கருவியை வைத்து, ஒரே இடத்தில், ஒரே பாதையில், ரீப்ளே போட்டு மூன்று முறை, அணைத்து மூன்று முறை ஓடுங்கள். `1% Low` எண்ணை ஒப்பிடுங்கள். சராசரி அப்படியே இருந்து இது மட்டும் விழுந்தால், அதுதான் கையில் உணரும் திக்கல்.

ஓபிஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் துல்லியமான தடயம் உண்டு. Stats பலகையில் இரண்டு வரிகள்: `Frames missed due to rendering lag`, `Skipped frames due to encoding lag`. இரண்டாவது ஏறினால் சுருக்கும் பகுதி திணறுகிறது, அளவையோ தர அமைப்பையோ இறக்க வேண்டும். அனுபவத்தில் ஏறுவது பெரும்பாலும் முதல் வரிதான். விளையாட்டு கிராபிக்ஸ் சில்லை 99 சதவீதம் பிடித்துக்கொண்டு, நகலெடுப்பதற்கு மூச்சுவிட இடம் தரவில்லை என்று அர்த்தம். இங்கே பிட்ரேட்டைக் குறைத்துப் பயனில்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் பிட்ரேட்டைப் போட்டுத் திருகி நேரத்தை வீணாக்குகிறார்கள். செய்ய வேண்டியது விளையாட்டின் ஃபிரேமுக்கு உச்சவரம்பு போடுவது. 150 வரை எகிறும் விளையாட்டை 120இல் கட்டினால், மிச்சமுள்ள இடத்தில் நகலெடுப்பு நடந்துவிடும். பதிவு ஃபிரேமை 60க்குப் பதில் 30 ஆக்கினால் நகலெடுக்கும் வேலை பாதியாகும், ஆனால் வேகமான விளையாட்டில் பார்க்க நன்றாக இருக்காது.

கடைசியாக ஒரு சின்ன வினோதம். 30 நொடி கேட்டால் சில சமயம் 32, 33 நொடி வரும். சுருக்கிய வீடியோவை எந்த இடத்திலும் வெட்ட முடியாது. சில நொடிக்கு ஒரு முறை வரும் முழுப் படத்தில்தான் ஆரம்பிக்க முடியும், நடுவில் உள்ளவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. அதனால் நீளம் வைக்கும்போது, உங்களுக்குத் தேவையானதை விட 10 நொடி கூடுதலாகவே வையுங்கள். பொத்தானைத் தேடி `Alt+F10` அழுத்துவதற்கும் அதில் கொஞ்சம் போய்விடும்.