தோற்ற அதிகாரம்

ஊழியருக்கு உண்மையில் கொடுக்காத அதிகாரத்தைக் கொடுத்ததுபோல ஒரு நிறுவனம் வெளியாருக்குக் காட்டிக்கொண்டால், அதை நம்பியவரிடம் அந்த ஊழியர் ஒப்புக்கொண்டதற்கு நிறுவனமே பொறுப்பு என்னும் சட்டக் கோட்பாடு. இந்தியாவில் இதற்கு இடம் தருவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு. அதிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சரக்கை விற்பனைக்கு அனுப்பியவர், குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று முகவரிடம் சொல்லியிருக்கிறார். அது தெரியாத ஒருவர் குறைந்த விலைக்குப் பேசி முடித்துவிட்டால், அந்தப் பேரம் செல்லும். உத்தரவு முகவரின் காதில் விழுந்தது. வாங்கியவர் காதில் விழவில்லை.

கோட்பாடு பழையதுதான், ஆனால் எந்தப் பதவி எவ்வளவு அதிகாரத்தைக் காட்டும் என்பது காலத்தோடு மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் கம்பெனிச் செயலாளர் பதவியின் கதை இதற்கு நல்ல சான்று. 1887இல் ஒரு டிராம் கம்பெனியின் செயலாளர், ஒப்பந்தக்காரருக்குக் கம்பெனி எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று வங்கிக்குத் தவறாகச் சொன்னார். அதை நம்பி வங்கி கடன் கொடுத்தது. செயலாளர் வெறும் வேலைக்காரர், அவர் சொல் கம்பெனியைக் கட்டாது என்றது நீதிமன்றம்.

1971இல் காற்று திரும்பியது. துணி வியாபாரம் செய்யும் ஃபிடெலிஸ் கம்பெனியின் செயலாளர், வாடிக்கையாளர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டும் என்று சொல்லி, ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களை வாடகைக்கு எடுத்தார். கடிதங்கள் கம்பெனித் தாளில், செயலாளர் என்ற கையெழுத்தோடு போயின. கார்களில் சுற்றியதென்னவோ அவர்தான். பாக்கி ஐந்நூறு பவுண்டுக்கு மேல். நீதிபதி டென்னிங் பிரபு 1887 தீர்ப்பை ஒதுக்கி, இக்காலச் செயலாளர் அலுவலக நிர்வாகத்துக்கான ஒப்பந்தங்களைச் செய்யக்கூடியவர், கார் வாடகையும் அதில் அடக்கம் என்றார். கம்பெனியே பணத்தைக் கட்ட வேண்டும் என்றாயிற்று. நிர்வாகத்தோடு நிற்பதுதான் இந்த அதிகாரம். வணிகத்தையே நடத்தும் முடிவுகளுக்கு அது நீளாது.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். நம்பிக்கையை ஊட்டியது நிறுவனமாக இருக்க வேண்டும். 'எனக்கு அதிகாரம் உண்டு' என்று ஊழியரே சொல்லிக்கொண்டால் போதாது. 1986இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்த அர்மகாஸ் வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஒரு கம்பெனி தன் கப்பலை விற்றது. அதே கப்பலை மூன்று ஆண்டு வாடகைக்குத் திரும்ப எடுப்பதாக, லஞ்சம் வாங்கியிருந்த அதன் துணைத் தலைவர் ஒருவர் கையெழுத்திட்டார். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைத் தானாகச் செய்ய அவருக்கு அதிகாரமில்லை என்பது வாங்கியவர்களுக்கே தெரியும். மேலிடத்தில் தனி அனுமதி கிடைத்துவிட்டது என்ற பேச்சை நம்பிவிட்டார்கள். அந்த அனுமதியைப் பற்றிக் கம்பெனி வாய் திறக்கவே இல்லை. ஆகவே வாடகை ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டவில்லை.