தோட்டா சுவரைத் தாண்டிப் போனது ஏன்? கேம் டெவலப்பர் இன்டர்வியூவில் ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள்

கேம் டெவலப்பர் வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் கேட்கிறார்: "நம்ம ஷூட்டிங் கேமில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் சுட்டால் எல்லாத் தோட்டாவும் சுவரில் படுது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் சுட்டால் பெரும்பாலானவை சுவரைத் தாண்டிப் போயிடுது. கோட் ஒண்ணுதான். என்ன நடக்குது?"

கேம் லூப் என்றால் என்ன, மோதலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். இந்த ஒரு கேள்வியில் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். அதனால் இதையே கடைசி வரை பிரித்துப் பார்ப்போம்.

லூப்பில் எங்கே சிக்கல்?

எந்த கேமும் உள்ளே ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது: பிளேயர் எதை அழுத்தினார் என்று பார், எல்லாவற்றையும் நகர்த்து, திரையில் வரை. ஒரு சுற்று என்பது ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 16.67 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும். 30 போதும் என்றால் 33.33 மில்லிவினாடி. ஃபிரேம் பட்ஜெட் என்பது இதுதான்.

ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தோட்டாவை நகர்த்தினால், வேகமான மெஷினில் கேமே வேகமாக ஓடும். (1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஏலியன்கள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுப்பது, அன்றைய ஹார்டுவேரின் வேலைச்சுமை குறைவதால் வந்த விளைவு. அதை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்.) இதைத் தவிர்க்க, போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ அதை வேகத்தோடு பெருக்கி நகர்த்துகிறோம். வேகம் எல்லா மெஷினிலும் ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு ஃபிரேமில் தோட்டா எவ்வளவு தூரம் தாவுகிறது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தோட்டாவின் வேகம் வினாடிக்கு 60 மீட்டர். சுவரின் தடிமன் 20 செ.மீ. ஒவ்வொரு ஃபிரேமிலும் "தோட்டா இப்போ சுவருக்குள் இருக்கா?" என்று மட்டும் கேட்கிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் 400 ஃபிரேமில் ஓடினால் ஒரு தாவல் 15 செ.மீ. சுவரைத் தாண்ட வழியே இல்லை, கட்டாயம் உள்ளே ஒருமுறையாவது விழும். ஃபோன் 30 ஃபிரேமில் ஓடினால் தாவல் 2 மீட்டர். அதில் 20 செ.மீ. சுவருக்குள் விழுவது சராசரியாகப் பத்தில் ஒருமுறை. மற்ற ஒன்பதும் முந்தைய ஃபிரேமில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கம். இதற்கு டனலிங் என்று பெயர்.

முதலில் தோன்றும் பதில் பாதிதான்

பலர் சட்டென்று சொல்வது ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப். அதாவது, ஃபிரேம் எவ்வளவு நேரம் எடுத்தாலும் சிமுலேஷனை மட்டும் ஒரே அளவு துண்டுகளாக ஓட்டுவது:

```
accumulator += min(frameTime, 0.25)
while accumulator >= dt:
    step(dt)
    accumulator -= dt
render(accumulator / dt)
```

கடந்த நேரத்தைச் சேமித்து வைத்து, `dt` அளவு சேர்ந்ததும் ஒரு ஸ்டெப் ஓட்டுகிறோம். மிச்சம் நிற்கும் நேரத்தை வைத்து, முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் நடுவில் ஓர் இடத்தில் வரைகிறோம். யூனிட்டியின் `FixedUpdate` இந்த வகைதான், அதன் இயல்பான அளவு 0.02 வினாடி.

ஆனால் இது டனலிங்கைத் தீர்க்காது. 0.02 வினாடியில் நம் தோட்டா 1.2 மீட்டர் தாவும். ஆறில் ஒன்றுதான் சுவரில் படும். முன்பு ஃபோனில் மட்டும் இருந்த பிழை இப்போ எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி வரும். அதுவும் ஒரு லாபம்தான், ஏனென்றால் இனி உங்கள் டேபிளிலேயே பிழையைப் பார்க்கலாம். ஆனால் சுவர் இன்னும் ஓட்டைதான்.

"அப்போ `dt`-யைச் சின்னதாக்கலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். தாவல் 20 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாதென்றால் 1/300 வினாடி வேண்டும், அதாவது 3.33 மில்லிவினாடி. ஃபோனில் ஒரு ஸ்டெப் ஓட்ட 4 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். 33.33 மில்லிவினாடி ஃபிரேமைச் சமாளிக்க 10 ஸ்டெப் ஓட்ட வேண்டும், அதற்கே 40 ஆகிவிடும். அடுத்த ஃபிரேமில் அந்த 40-ஐ ஈடுகட்ட 12 ஸ்டெப், 48 மில்லிவினாடி. கடனுக்கு வட்டி ஏறுவது மாதிரி ஏறிக்கொண்டே போய் கேம் உறைந்துவிடும். மேலே கோடில் உள்ள 0.25 என்ற வரம்பு இதற்காகத்தான். அது இருந்தால் கடன் ஓர் அளவுக்கு மேல் ஏறாது, கேம் ஸ்லோமோஷனில் நகரும். அது ஆபத்துக்குப் பிடிக்கும் கைப்பிடி மட்டுமே, தீர்வு இல்லை.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"இப்போ உள்ளே இருக்கா?" என்பதற்குப் பதில் "அங்கிருந்து இங்கே வரும் வழியில் சுவரைத் தொட்டதா?" என்று கேட்டால் போதும். தோட்டா x = 9.4-இல் இருக்கிறது, அடுத்த ஸ்டெப்பில் 10.6. சுவர் 10.0 முதல் 10.2 வரை. இரண்டு இடமும் சுவருக்கு வெளியேதான். ஆனால் தொடும் நேரம்:

```
t = (10.0 - 9.4) / 1.2 = 0.5
```

`t` 0-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பதால் இந்த ஸ்டெப்பின் பாதியில் மோதல் நடந்திருக்கிறது. தோட்டாவை 10.0-இல் நிறுத்துங்கள். நிஜ கேமில் y, z திசைகளிலும் இதே கணக்கைப் போட்டு, எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் சுவருக்குள் இருந்ததா என்று பார்க்க வேண்டும். வழியில் பல சுவர்கள் இருந்தால் `t` மிகக் குறைவாக உள்ளதுதான் முதலில் மோதியது. தோட்டாவுக்குப் பருமன் உண்டென்றால் அதன் ஆரத்தைச் சுவரின் இரு பக்கமும் கூட்டிவிட்டு, தோட்டாவைப் புள்ளியாகவே வைத்துக்கொள்ளலாம். சுவரும் நகர்கிறதென்றால் இரண்டின் வேக வித்தியாசத்தைப் போட வேண்டும். சுவர் சுழன்றால் இந்த எளிய கணக்கு உடைந்துவிடும், அதையும் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. யூனிட்டி ரிஜிட்பாடியில் `Discrete` என்பதை `Continuous` என்று மாற்றுவதும் இந்த வேலைக்குத்தான்.

பட்ஜெட்டில் அடங்குமா?

200 தோட்டா, 150 சுவர் என்றால் ஸ்டெப்புக்கு 30,000 சோதனை. மேப்பைக் கட்டங்களாகப் பிரித்து, தோட்டா கடந்த கட்டங்களில் உள்ள சுவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் இது பல மடங்கு குறையும். தோட்டா இப்போ நிற்கும் கட்டத்தை மட்டும் பார்த்தால் பழைய பிழை பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். கடந்த கட்டங்கள் எல்லாமே வேண்டும்.

மாற்றியபின் அளப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சராசரி FPS-ஐ நம்பாதீர்கள். 59 ஃபிரேம் தலா 15 மில்லிவினாடி, ஒன்று மட்டும் 115 என்றால் சராசரி சரியாக 60 FPS காட்டும், ஆனால் பிளேயர் அந்த ஒரு உதறலைக் கண்ணால் பார்ப்பார். அளக்க வேண்டியது மிக மோசமான ஃபிரேம்களை, அதுவும் எடிட்டரில் இல்லை, அந்த விலை குறைந்த ஃபோனில், ரிலீஸ் பில்டுக்கு நெருக்கமான பில்டில்.

மோதல் கோடைத் தொடும் முன் ரெண்டரிங் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் நேரம் கணிசமாக இறங்கினால் தடை GPU-வில் இருக்கிறது, மோதல் கணக்கை எவ்வளவு செதுக்கினாலும் பலன் தெரியாது. இறங்காவிட்டால் CPU பக்கம் புரொஃபைலரைத் திறக்கலாம்.

இன்னொன்று, ஃபோன் சூடாகும். சூடானால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மொபைலில் பட்ஜெட்டில் சுமார் 65 சதவீதத்தை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது யூனிட்டியின் வழிகாட்டி: 60 FPS-க்கு 11, 30 FPS-க்கு 22 மில்லிவினாடி. ஆகவே அளவை ஆரம்பித்த முதல் நிமிடத்தில் எடுக்காமல், அரை மணி நேரம் விளையாடிய பிறகு எடுங்கள்.