உலர்சலவையில் பாழான சேலைக்கு எவ்வளவு கேட்கலாம்?

பட்டுச்சேலை சாயம் கலங்கித் திரும்பியதும் புதுச்சேலையின் முழு விலையையும் கேட்டால், சலவைக்காரர் மறுக்க இடமுண்டு. கேட்கவேண்டியது எஞ்சிய பெறுமதியை.

40,000 ரூபாவுக்கு வாங்கி நான்கு வருடம் உடுத்த சேலைக்குப் பத்து வருட ஆயுள் என்று வைப்போம். எஞ்சியது ஆறு வருடம், அதாவது 24,000 ரூபா. சலவைக்கூலி 1,200ஐயும் சேர்த்து 25,200 ரூபா என்று கணக்கைக் கடிதத்திலேயே காட்டுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு எத்தனை வீட்டில்தான் இருக்கிறது? திகதியுள்ள கலியாணப் படமும் வயதுக்குச் சான்றாகும்.

சலவைத் துண்டின் பிரதியோடு, 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுவே சாட்சி. பதில் வராவிட்டால், சலவை செய்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்.